உப்பு டப்பாவுக்கு வெளியே இருக்கும் உப்பு

(நகர மூத்த குடிமக்கள் மன்றக் கூட்டத்தில் ஓர் உணவியல் ஆலோசகர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

ரத்த அழுத்தத்துக்காக என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது, "உப்பைக் குறைச்சுட்டோம் மேடம்" என்பதுதான். அதை நான் நம்புகிறேன். சாம்பாரிலும் பொரியலிலும் நிஜமாகவே குறைத்திருப்பார்கள். ஆனால் அந்த உப்பெல்லாம் அடுப்படி டப்பாவிலிருந்து எடுத்துப் போடும் உப்பு. அப்பளத்திலும் ஊறுகாயிலும் சிப்ஸிலும் இருக்கும் உப்பு அந்த டப்பாவுக்கு வருவதே இல்லை. அது கடையிலிருந்து நேராகத் தட்டுக்கு வந்துவிடுகிறது. அதனால் யார் கணக்கிலும் ஏறுவதில்லை. இன்று அந்தக் கணக்கை மட்டும் போட்டுப் பார்ப்போம்.

ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு சாப்பிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தலை தட்டிய ஒரு டீஸ்பூன் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை இட்லியிலிருந்து இரவு மோர் சாதம் வரை எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

ஒரு வீட்டின் கணக்கைச் சொல்கிறேன். அந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். வீட்டில் மூன்று பேர். முன்பு மாதம் ஒரு கிலோ உப்பு வாங்கியவர்கள், டாக்டர் சொன்ன பிறகு அரைக் கிலோவாகக் குறைத்துவிட்டார்கள். 500 கிராமை மூன்று பேருக்கும் முப்பது நாளுக்கும் பிரித்தால் ஆளுக்கு ஐந்தரை கிராம். எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள், பெரிய முயற்சிதான் அது. ஆனாலும் அவருக்கு ரத்த அழுத்தம் இறங்கவில்லை. மாத்திரையையும் அவர் ஒழுங்காகவே சாப்பிட்டு வந்தார்.

சமையலை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். மதியம் சுட்ட அப்பளம் மூன்று, சாம்பாருக்கு ஒன்றும் ரசத்துக்கு இரண்டும். மாங்காய் ஊறுகாய் ஒரு சின்ன ஸ்பூன். மாலை டீயோடு உருளைக்கிழங்கு சிப்ஸ், சின்னப் பாக்கெட் ஒன்று. ராத்திரி தயிர் சாதத்துக்கு உப்பு நார்த்தங்காய் ஒரு துண்டு. அவ்வளவுதான். பார்த்தால் யாருக்கும் அதிகமாகத் தோன்றாது.

இப்போது ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஓர் அப்பளம் ஏறக்குறைய 10 கிராம் எடை இருக்கும். அதில் சோடியம் 170 மில்லிகிராம் அளவுக்கு வரும், கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் கணக்கு கிடைக்கும். அப்படிப் பார்த்தால் அப்பளத்துக்கு 0.4 கிராம், மூன்றுக்கு 1.2 கிராம். மாங்காய் ஊறுகாயில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு உப்பு இருப்பது சாதாரணம். உப்பு குறைந்தால் பூசணம் பிடித்துவிடும் என்பதால் போடுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆக 10 கிராம் ஊறுகாயில் 1.2 கிராம் உப்பு. 30 கிராம் சிப்ஸில் அரை கிராம். நார்த்தங்காய்த் துண்டில் ஒரு கிராம் என்று குறைத்தே வைப்போம். கூட்டினால் ஏறக்குறைய 4 கிராம்! ஒரு நாளைக்கான அளவில் ஐந்தில் நாலு பங்கு சமையல் அல்லாத வழியிலேயே உள்ளே போயிருக்கிறது. சமையல் உப்பையும் சேர்த்தால் ஒன்பதைத் தாண்டுகிறது.

இதில் அந்த அம்மாவுக்கு நம்பவே முடியாமல் போனது அப்பளக் கணக்குதான். "சுட்டுத்தானே சாப்பிடறேன்" என்றார். இது நிறைய பேருக்கு இருக்கும் எண்ணம். சுடுவதால் குறைவது எண்ணெய். பொரித்தால் ஓர் அப்பளம் இரண்டு மூன்று கிராம் எண்ணெயைக் குடிக்கும். சுட்டால் அது இல்லை, அந்த அளவில் சுடுவது நல்லதுதான். ஆனால் உப்பு மாவிலேயே பிசைந்து போட்டது. தணலில் சுட்டாலும் மைக்ரோவேவில் வைத்தாலும் அது எங்கும் போகாது. பொரித்ததென்றால் பயந்து ஒன்றோடு நிறுத்துகிறவர்கள், சுட்டது என்பதால் தைரியமாக மூன்று சாப்பிடுகிறார்கள். அப்போது எண்ணெயில் மிச்சம் பிடித்ததற்குப் பதிலாக உப்பு மூன்று மடங்காகிறது.

நாக்கு ஏன் இதைச் சொல்வதில்லை என்றும் கேட்பீர்கள். சிப்ஸில் உப்பு மேலே தூவியிருக்கும், வாயில் வைத்த உடனே கரிக்கும். அப்பளத்தில் உப்பு மாவுக்குள்ளே இருக்கிறது. அது போக, அப்பளம் பொரிவதற்காக அப்பளக்காரம் சேர்ப்பார்கள். அதிலும் சோடியம் உண்டு, ஆனால் உப்புபோலக் கரிக்காது. எடைக்கு எடை பார்த்தால் சிப்ஸைவிட அப்பளத்தில் சோடியம் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது. சாப்பிடும்போது நமக்குத் தெரிவதென்னவோ நேர் எதிராக. ஊறுகாயிலோ புளிப்பும் காரமும் சேர்ந்து உப்பை அமுக்கிவிடுகின்றன. அதனால் இந்த மூன்றிலும் ருசியை வைத்து அளவு சொல்ல வேண்டாம். பாக்கெட்டின் பின்பக்கம் 100 கிராமுக்கு எவ்வளவு சோடியம் என்று போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். வீட்டு ஊறுகாய்க்கு லேபிள் கிடையாது. போடும்போது எத்தனை கிலோ காய்க்கு எவ்வளவு உப்பு போட்டீர்கள் என்று பாட்டிலில் ஒரு சீட்டு ஒட்டி வைத்தால் போதும்.

சரி, அப்புறம் அந்த வீட்டில் என்ன செய்தோம்? சமையல் உப்பை மேலும் குறைக்கச் சொல்லவில்லை. அவர்கள் அதில் ஏற்கெனவே நிறையச் செய்துவிட்டார்கள், இன்னும் குறைத்தால் சாப்பாடே வெறுத்துப்போய்ப் பழையபடி ஆகிவிடும். அப்பளம் ஒன்றாயிற்று. மதியம் ஊறுகாய் நின்றது. சாம்பார், ரசம், பொரியல் எல்லாம் இருக்கிற சாப்பாட்டுக்கு அது உண்மையில் தேவைப்படவில்லை. சிப்ஸுக்குப் பதில் உப்பில்லாமல் வறுத்த வேர்க்கடலை. நார்த்தங்காயை மட்டும் விட மாட்டேன் என்றார். விட வேண்டாம் என்று நானும் சொன்னேன். தயிர் சாதத்தை உப்பே போடாமல் பிசையுங்கள், நார்த்தங்காயைக் கிள்ளிக் கிள்ளித் தொட்டுக்கொள்ளுங்கள் என்றேன். சாதத்தில் போடும் கால் ஸ்பூன் உப்பே ஒரு கிராமுக்கு மேல் வரும். அது மிச்சமானால் நார்த்தங்காயின் உப்புக்கு ஈடாகிவிடுகிறது. இந்த ஒரு மாற்றத்தைத்தான் நான் எல்லா வீட்டுக்கும் முதலில் சொல்கிறேன், ஏனென்றால் எதையும் இழக்காமல் செய்ய முடிகிறது. முதல் வாரம் சப்பென்று இருக்கும். சில வாரங்களில் நாக்கு பழகிக்கொள்ளும்.

இன்னொன்று, ஊறுகாய் பாட்டிலைச் சாப்பாட்டு மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர் இலையில் ஒரு சொட்டு வைத்துவிட்டுப் போய்விடுவார், நாமும் அதோடு முடித்துக்கொள்வோம். வீட்டிலோ பாட்டில் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. சாதம் மிஞ்சினால் ஊறுகாய், ஊறுகாய் மிஞ்சினால் சாதம் என்று போய்க்கொண்டே இருக்கும்.

உப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்த 'குறை சோடியம் உப்பு' வாங்கலாமா என்று வரும்போதே இருவர் கேட்டார்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும், ரத்த அழுத்தத்துக்குச் சில வகை மாத்திரைகள் எடுப்பவர்களும் அதைத் தாமாக வாங்கவே கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத்துக்கு ஆபத்து. டாக்டரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டிக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அதுவும் சமையல் உப்புக்கு மட்டும்தான் மாற்று. கடை அப்பளத்திலும் ஊறுகாயிலும் இருக்கும் உப்பை அது தொடாது.

போன வாரம் சொல்லியிருந்தேன், சிலர் அப்பளப் பாக்கெட்டும் ஊறுகாய் பாட்டிலும் கொண்டு வந்திருக்கிறீர்கள். அவற்றை எடுத்துக்கொண்டு முன்னால் வாருங்கள். சின்ன எழுத்து தெரியாதவர்களுக்கு நான் படித்துச் சொல்கிறேன், உங்கள் வீட்டுக் கணக்கை இங்கேயே போட்டுவிடலாம்.