30 துளைத் தட்டும் 400 வீடும்

தலைவர் அவர்களே, கண்காட்சிக்குக் கூடத்தைத் திறந்துவிட்ட தலைமையாசிரியை அம்மா அவர்களே, காலையிலிருந்து நாற்காலி போட்டு, ஒலிபெருக்கி கட்டி, இப்போது பின்னால் நின்றபடியே கேட்கும் ஆய்வக உதவியாளர் அவர்களே, பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். எனக்கு முன் பேசிய மாவட்டக் கல்வி அலுவலர் ஐயா ஐந்தே நிமிடத்தில் முடித்தார். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. அது தெரிந்துதான் தலைவர் மணியைத் தன் கைப்பக்கம் வைத்திருக்கிறார்.

தொலைக்காட்சி பிறந்த கதையில் மூன்று செய்தி சொல்வேன்: தட்டு சுற்றிய காலம், அமெரிக்காவில் பார்ன்ஸ்வொர்த் செய்தது, முதல் ஒளிபரப்பை யார் பார்த்தார்கள் என்பது. மூன்றுக்கும் ஒரே பழமொழி: சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.

1884இல் பெர்லினில் பால் நிப்கோ என்ற மாணவர் ஒரு வட்டத் தட்டுக்குக் காப்புரிமை கேட்டார். ஓரத்தில் சுருளாகத் துளைகள். ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு துளையளவு உள்ளே தள்ளியிருக்கும். தட்டு சுற்றும்போது ஒவ்வொரு துளையும் காட்சியில் ஒரு கோட்டைத் தடவிப் போகும். பின்னால் இருக்கும் ஒளிமின்கலம் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை மின்னோட்டமாக்கும். வாங்கும் பக்கம் அதே போல் இன்னொரு தட்டு, அதன் பின்னால் ஒரு விளக்கு; பின்னாளில் அது நியான் விளக்கு.

லண்டனில் ஜான் லோகி பெயர்டு இதை 30 துளையோடு செய்தார். படத்தில் 30 கோடு, கோட்டுக்கு 70 புள்ளி என்றால் மொத்தம் 2,100 புள்ளி. ஒரு நேரத்தில் கலத்துக்குப் போவது அதில் ஒரே ஒரு புள்ளியின் வெளிச்சம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? விளக்கைக் கூட்டிக்கொண்டே போனார். அந்தச் சூட்டை மனிதர் தாங்க மாட்டார்கள் என்று ஒரு பொம்மைத் தலையை உட்கார வைத்தார். சூட்டில் பொம்மையின் சாயமே வெடித்தது!

1925 அக்டோபர் 2. பொம்மை முகம் முதல்முறையாக ஒளி நிழலோடு தெரிந்தது. மனிதர் கீழ்த்தளத்துக்கு ஓடினார். அங்கே வில்லியம் டெய்ன்டன் என்ற அலுவலகப் பையன். கையைப் பிடித்து இழுத்துவந்து விளக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டு, அடுத்த அறைக்கு ஓடிப் பார்த்தால் திரையில் ஒன்றுமே இல்லை. எது கெட்டது? கலமா, கம்பியா? எதுவும் கெடவில்லை. திரும்பி வந்தால், பையன் சூடு பொறுக்காமல் பின்னால் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறான்! அரை கிரவுன் காசைக் கையில் திணித்து, "அப்படியே இரு" என்றார். முகம் வந்தது. உலகத்தில் முதல்முதலாகத் தொலைக்காட்சியில் தெரிந்தவர்களில் ஒருவனுக்குக் கிடைத்த சம்பளம் அதுதான்.

1929 செப்டம்பர் 30 முதல் பிபிசியின் மத்திய அலையில் இதே 30 கோட்டுப் படம் போனது. இருந்தது ஒரே அலைவரிசை. எனவே கொஞ்ச நேரம் படம், பிறகு ஒலி என்று மாறி மாறித்தான் வந்தது. அடுத்த மார்ச்சில் இரண்டாவது பரப்பி கிடைத்த பிறகே இரண்டும் சேர்ந்தன. அப்போது வீட்டிலும் இரண்டு வானொலிப் பெட்டி வேண்டும்! அதற்கு மேல் 25 கினிக்கு பெயர்டின் பெட்டி. இவ்வளவுக்கும் தெரிந்தது பூதக்கண்ணாடிக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன முகம்.

1936 நவம்பர் 2, லண்டன் அலெக்சாண்டிரா மாளிகையில் பிபிசியின் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. ஒரு வாரம் பெயர்டு, மறுவாரம் மார்கோனி-இஎம்ஐ நிறுவனம் என்று போட்டி. பெயர்டு தரப்பில் காட்சியைப் படச்சுருளில் பிடித்து, அங்கேயே கழுவி, ஈரத்தோடு தடவி அனுப்பினார்கள். ஏறக்குறைய ஒரு நிமிடம் தாமதம். எதிர்த்தரப்பின் எமிட்ரான் என்ற கேமராக் குழாயிலோ ஒவ்வொரு புள்ளியும் தன் மேல் விழும் வெளிச்சத்தை அடுத்த தடவல் வரை மின்னேற்றமாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும். சட்டி நிறைந்தது இங்கேதான். மூன்றே மாதத்தில் பெயர்டு முறை கைவிடப்பட்டது.

பார்த்தவர்கள்? சுமார் 400 வீடு. பெட்டி விலை ஏறக்குறைய 100 கினி; அந்தக் காசில் ஒரு சின்ன ஃபோர்டு கார் வாங்கலாம். சுமார் 40 கிலோமீட்டருக்கு அப்பால் நல்ல படம் உறுதியில்லை. நிகழ்ச்சியோ நாளுக்கு இரண்டு மணி நேரம்.

பார்ன்ஸ்வொர்த் 1927இல் வெறும் ஒரு கோட்டை மின்னணு முறையில் அனுப்பினார். அதை விரிக்க நேரமில்லை, நான் வந்த காரியம் வேறு. ஒவ்வொரு பள்ளி ஆய்வகத்திலும் இந்தத் தட்டு ஒன்று சுற்ற வேண்டும். அதற்காகத்தான் ஊர் ஊராகப் போகிறோம்.

30 செ.மீ. குறுக்களவில் இரண்டு கெட்டிக் கறுப்பு அட்டை. 12 பாகைக்கு ஒரு துளை, துளை 0.7 மி.மீ. முதல் துளை மையத்திலிருந்து 14 செ.மீ.; அடுத்தடுத்தது 0.7 மி.மீ. உள்ளே. துளைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் படத்தில் கறுப்புக் கோடு, ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் வெள்ளைக் கோடு. வேகம் நிமிடத்துக்கு 750 சுற்று. இரண்டு தட்டுக்கும் தனித்தனி மோட்டார் போடாதீர்கள். வேகம் துளி பிசகினாலும் படம் பக்கவாட்டில் ஓடிவிடும். ஒரே அச்சில் மாட்டுங்கள். நியானுக்குப் பதில் எல்இடி, முன்னால் ஒரு டிரேசிங் தாள்.

தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். மேடைக்குக் கீழே மேஜையில் ஒரு தட்டு சுற்றுகிறது. அதில் 17ஆவது துளையை வேண்டுமென்றே தள்ளிப் போட்டிருக்கிறோம். கோடு எங்கே தெரிகிறது என்று போகும்போது பார்த்துவிட்டுப் போங்கள்.