வட்டியில்லாத் தவணையின் வட்டி

நேயர்களுக்கு வணக்கம். கல்லூரிகள் திறந்துவிட்டால் வண்ணாரப்பேட்டையிலும் பெரம்பூரிலும் போன் கடை வாசல்களில் ‘வட்டியில்லாத் தவணை’ என்ற பலகை வந்துவிடும். அந்தப் பலகைக்குப் பின்னால் இருக்கும் கணக்கை இன்று பார்ப்போம்.

வடசென்னையில் தண்டல் தெரியாதவர்கள் குறைவு. பத்தாயிரம் ரூபாய் தண்டல் கேட்டால், ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரத்தைக் கையில் கொடுப்பார்கள். தினம் நூறு ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். மீன் விற்கும் பெண்மணிகூட இதில் பத்தாயிரத்தைக் கணக்கில் எடுக்கமாட்டார். கைக்கு வந்த ஒன்பதாயிரத்திலிருந்துதான் கணக்குப் போடுவார். குளுகுளு கடைக்குள் நுழைந்ததும் அவருடைய மகனுக்கு அந்தப் பழக்கம் மறந்துபோகிறது.

ஒரு போனை எடுத்துக்கொள்வோம். அட்டையில் விலை 20,000 ரூபாய். பத்துத் தவணை, மாதம் 2,000. முதல் இரண்டு தவணையை அன்றைக்கே கட்ட வேண்டும். செயலாக்கக் கட்டணம் வரியோடு 600 ரூபாய். இருபதாயிரம் ரூபாய் பொருளுக்கு இருபதாயிரம்தானே வாங்குகிறார்கள், அறுநூறு போனால் போகட்டும் என்று தோன்றும்.

ஆனால், ரொக்கமாகவோ யூபிஐ மூலமாகவோ மொத்தப் பணத்தையும் கொடுத்தால் கடைசி விலை என்ன என்று கேட்டிருந்தால், அதே கடைக்காரர் 18,800 என்று சொல்லியிருப்பார் என்று வைத்துக்கொள்வோம். போனின் உண்மையான விலை அதுதான். அன்றைக்கு மாணவர் கொடுத்தது இரண்டு தவணையும் கட்டணமும் சேர்த்து 4,600. அப்படியானால் அவர் வாங்கிய கடன் 14,200 மட்டுமே. இனிக் கட்டப்போவது எட்டுத் தவணை, 16,000 ரூபாய். கூடுதல் 1,800.

பதினாலாயிரத்துக்கு ஆயிரத்து எண்ணூறு என்றால் 13 சதவீதம்தானே என்று சிலர் சொல்வார்கள். கடன் மாதாமாதம் குறைந்துகொண்டே போவதை அவர்கள் விட்டுவிடுகிறார்கள். எட்டு மாதத்தில் சராசரியாக அவரிடம் இருக்கும் கடன் சுமார் 8,000 ரூபாய்தான். அதற்கு எட்டு மாதத்தில் 1,800 என்றால், ஆண்டுக்குச் சுமார் 33 சதவீத வட்டி. கணினியில் எக்செல் வைத்திருப்பவர்கள் =RATE(8,-2000,14200)*12 என்று தட்டினால் இந்த விடை கிடைக்கும்.

ரிசர்வ் வங்கி 2013-லேயே, சுழிய வட்டி என்பதே இல்லாத ஒன்று என்று வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. வட்டியை யாரோ ஒருவர் கொடுத்தாக வேண்டும். பெரும்பாலும் கடையோ நிறுவனமோ தள்ளுபடியாகக் கொடுக்க வேண்டிய பணம் கடன் தருபவரிடம் போய்ச் சேர்கிறது.

2024 அக்டோபர் முதல், புதிய தனிநபர் தவணைக் கடன்களுக்கு ‘முக்கிய விவர அறிக்கை’ என்ற தாளைக் கடன் தருபவர் கொடுக்க வேண்டும். கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்கும். வாங்கிப் படியுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பிவிட முடியாது. கைவிட்டுப்போன 1,200 ரூபாய்த் தள்ளுபடி அந்தத் தாளுக்குத் தெரியாது. வட்டி இல்லை, கட்டணம் 600 மட்டும் என்று கணக்கிட்டால் இதே கடன் சுமார் 10 சதவீதம் என்றே காட்டும். ஆகவே தவணை என்ற பேச்சை எடுப்பதற்கு முன்பே ரொக்க விலையைக் கேட்டுவிட வேண்டும். தவணை என்று தெரிந்தபின் கேட்டால் சில விற்பனையாளர்கள் இரண்டும் ஒரே விலைதான் என்பார்கள்.

மடிக்கணினியை உறவினரின் கிரெடிட் கார்டில் வாங்கினால் வேறொரு செலவு வரும். வட்டிக்கு ஈடாகத் தள்ளுபடி கொடுத்தாலும், அந்த வட்டியின்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வரும். அதற்குத் தள்ளுபடி கிடையாது. 3,000 ரூபாய் வட்டி என்றால் 540 ரூபாய் மாதாமாதப் பட்டியலில் சிறிது சிறிதாக ஏறும்.

கைபேசிக்கு வரும் ஒப்புதல் எண்ணை விற்பனையாளரிடம் சொல்வதற்கு முன், கடன் தொகை எவ்வளவு என்று திரையில் பாருங்கள். நம் கணக்கில் அது 16,000 ஆக இருக்க வேண்டும். 17,500 என்றிருந்தால் கூடுதல் வாரண்டியோ காப்பீடோ உள்ளே ஏறியிருக்கிறது. வேண்டாம் என்றால் நீக்கச் சொல்லலாம்.

மாணவருக்கு வருமானம் இல்லையென்பதால் பல வீடுகளில் கடன் அம்மாவின் பெயரில்தான் எழுதப்படுகிறது. தவணை நாளில் அவர் கணக்கில் பணம் இல்லாவிட்டால் கடன் நிறுவனம் ஒரு கட்டணமும், வங்கி ஒரு கட்டணமும் பிடிக்கக்கூடும். தாமதம் அவருடைய கடன் வரலாற்றிலும் பதியும். கடைசித் தவணை முடிந்ததும் பாக்கி இல்லை என்ற சான்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில வாரம் கழித்து அவருடைய கடன் அறிக்கையை எடுத்து, அந்தக் கணக்கு முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை அந்த அறிக்கை இலவசம்.