டாம்சுலோசின் சாப்பிடுறவங்க கண்புரை ஆபரேஷனுக்கு முன்னாடி கண் டாக்டர்கிட்ட சொல்ல வேண்டியது

[திரையில: ஒரு கேப்சூல், பக்கத்துல ஒரு கண்ணோட படம்]

வணக்கம். நான் ஒரு பார்மசிஸ்ட். புரோஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் சாப்பிடுறவங்ககிட்ட நான் ஒரு கேள்வி கண்டிப்பா கேட்பேன், "கண்ல புரை இருக்கா, ஆபரேஷன் பண்ணப் போறீங்களா?"ன்னு. யூரின் மாத்திரைக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்னு நிறைய பேர் ஆச்சரியமா பாப்பாங்க. அந்த சம்பந்தத்தைத்தான் இன்னைக்கு பொறுமையா பாக்கப் போறோம்.

புரோஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பைக்குக் கீழ, சிறுநீர்க் குழாயைச் சுத்தி இருக்கு. வயசாக வயசாக அது பெருசாகி குழாயை அழுத்துது. அதோட, அங்க இருக்குற மென்தசைகளும் இறுகிப் பிடிக்குது. டாம்சுலோசின் இந்த ரெண்டாவது பிரச்சினையைத்தான் சரி பண்ணுது, தசையை இறுக்கச் சொல்ற ஆல்ஃபா-1 ரிசெப்டரை அடைச்சிடுது, தசை தளருது, யூரின் ஃப்ளோ நல்லா வருது. சுரப்பியோட சைஸ் இதால குறையாது, அதனாலதான் மாத்திரையை நிறுத்தினா பழைய தொந்தரவு திரும்பி வந்துடுது.

இப்ப விஷயத்துக்கு வரேன். அதே மாதிரி ரிசெப்டர் ரத்தக் குழாய் சுவர்லயும் இருக்கு, கண்ணுல கருப்பு வட்டத்தைச் சுத்தி இருக்குற நிறமான வளையத்துலயும், அதாவது ஐரிஸ்லயும் இருக்கு. புரோஸ்டேட்டை குறி வச்சு கொடுக்குற மருந்து இந்த ரெண்டு இடத்தையும் கொஞ்சம் தளர்த்தும்.

[திரையில: கண்ணோட குறுக்கு வெட்டுப் படம், ஐரிஸ், கண்மணி, லென்ஸ்]

ஒரு உதாரணம் சொல்றேன், நடக்கக்கூடியதை வச்சு நானே உருவாக்கினது. 68 வயசு பெரியவர் ஒருத்தர், மூணு வருஷமா தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம். கூட ஒரு பிரஷர் மாத்திரையும் உண்டு. கண்புரை ஆபரேஷனுக்கு தேதி குறிச்சாச்சு. யாரோ அவர்கிட்ட "யூரின் மாத்திரை கண் ஆபரேஷனுக்கு ஆகாதாம்"னு சொல்லிட்டாங்க, அவரும் டாக்டரைக் கேட்காம ஒரு வாரம் முன்னாடியே நிறுத்திட்டார். ஆஸ்பத்திரில என்னென்ன மருந்து சாப்பிடுறீங்கன்னு கேட்டப்ப, அதைத்தான் நிறுத்திட்டோமேன்னு பிரஷர் மாத்திரையை மட்டும் சொன்னார்.

அவர் நல்ல எண்ணத்துலதான் பண்ணார், ஆனா ஆபத்து அங்கதான் ஆரம்பிக்குது. கண்புரை ஆபரேஷன்ல டாக்டர் சொட்டு மருந்து விட்டு கண்மணியை, அதாவது நடுவுல இருக்குற கருப்பு வட்டத்தை, நல்லா விரிய வைப்பார். அந்த வழியாதான் புரை விழுந்த லென்ஸை உடைச்சு உறிஞ்சி எடுத்து புது லென்ஸ் வைக்கணும். கண்மணியை விரிச்சுப் பிடிக்கிறது ஐரிஸ்ல இருக்குற ஒரு தசை. டாம்சுலோசின் சாப்பிட்டவங்கள்ல பல பேருக்கு அந்த தசை தளர்ந்து போயிருக்கும். உள்ள திரவம் ஓடும்போது ஐரிஸ் காத்துல ஆடுற துணி மாதிரி அலையும், வெட்டின சின்ன துளை வழியா வெளிய பிதுங்கி வரப் பாக்கும், கண்மணி பாதி ஆபரேஷன்லயே சுருங்கிக்கிட்டே போகும். இந்த மூணும் சேர்ந்ததை ஆபரேஷன் நேரத்து தளர் ஐரிஸ் நிலைன்னு சொல்றாங்க, கண் டாக்டர்கள் பேச்சுல "ஐஎஃப்ஐஎஸ்". 2005ல சாங், கேம்ப்பெல்னு ரெண்டு கண் டாக்டர்கள் இதுக்கும் டாம்சுலோசினுக்கும் இருக்குற தொடர்பை முதல்ல எழுதினாங்க. எதிர்பார்க்காம இது வந்தா லென்ஸைத் தாங்குற மெல்லிய பை கிழியலாம், ஐரிஸ் சேதமாகலாம்.

மாத்திரையை நிறுத்தினா இது வராதுன்னு உறுதி கிடையாது. நிறுத்தி ரொம்ப நாள் ஆனவங்களுக்கும் வந்திருக்கு. அதனால அந்தப் பெரியவர் ஒரு வாரம் நிறுத்தினது கண்ணைக் காப்பாத்தல, ஆனா யூரின் அடைச்சுக்கிற ஆபத்தை மட்டும் கொண்டு வந்துச்சு. யூரின் வரவே இல்ல, அடிவயிறு கல்லு மாதிரி இறுகி வலிக்குதுன்னா காத்திருக்காம அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும், டியூப் போட்டு எடுத்தாத்தான் சரியாகும்.

அப்போ என்னதான் பண்ணணும்? முன்னாடியே சொல்லணும், அவ்வளவுதான். டாக்டருக்குத் தெரிஞ்சா தயாரா இருப்பார், கண்ணுக்குள்ள கண்மணியை விரிக்கிற மருந்து போடுவார், கெட்டியான ஜெல் வச்சு ஐரிஸை அடக்குவார், தேவைப்பட்டா சின்ன கொக்கி இல்ல வளையம் வச்சு கண்மணியை விரிச்சே பிடிச்சுக்குவார். அப்படி தயாரா செய்யும்போது பெரும்பாலும் ஆபரேஷன் நல்லபடியாவே முடியும். மாத்திரையை தொடரணுமா வேண்டாமாங்கிறதை கண் டாக்டரும் யூரின் டாக்டரும் பேசி முடிவு பண்ணட்டும். இன்னும் மாத்திரையே ஆரம்பிக்கல, ஆனா கண்புரை ஆபரேஷன் முடிவாயிடுச்சுன்னா, ஆபரேஷனுக்கு அப்புறம் ஆரம்பிக்கலாமான்னு கேளுங்க.

[திரையில: கட்டில் ஓரத்துல கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கும் ஒருத்தர்]

நம்ம பெரியவர் கதை இன்னும் முடியல. ஆபரேஷன் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரி பசிக்கலன்னு சாப்பிடாமலே மாத்திரையை மறுபடி ஆரம்பிச்சார். ரெண்டு மணிக்கு யூரினுக்கு சட்டுன்னு எழுந்தார், கண் இருட்டிட்டு வந்து சுவத்தைப் பிடிச்சுக்கிட்டார். நாம எழுந்து நிக்கும்போது ரத்தம் காலுக்கு இறங்கும், உடனே ரத்தக் குழாய் இறுகி பிரஷரை நிலையா வைக்கும், அந்த இறுக்கத்தை இந்த மருந்து கொஞ்சம் தடுக்குது. வெறும் வயித்துல போட்டா மருந்து வேகமா, அதிகமா ரத்தத்துல ஏறும், அதான் சாப்பிட்டு அரைமணி நேரம் கழிச்சு தினமும் ஒரே நேரத்துலன்னு சொல்றோம். பல நாள் இடைவெளி விட்டுட்டா உடம்பு பழக்கம் விட்டுப் போயிருக்கும், மறுபடி ஆரம்பிக்கிறதும் புதுசா ஆரம்பிக்கிற மாதிரிதான். 0.8 சாப்பிட்டுட்டு இருந்தவங்க நேரா 0.8க்குப் போகக் கூடாது, டாக்டரைக் கேட்டு 0.4லேர்ந்து தொடங்கணும். கேப்சூலைப் பிரிச்சோ மென்னோ சாப்பிடவும் வேண்டாம், மெதுவா கரையற மாதிரிதான் செஞ்சிருக்காங்க.

தலைசுத்தல் இதனாலதானான்னு பாக்க வீட்டு பிரஷர் மெஷினே போதும். அஞ்சு நிமிஷம் படுத்திருந்து ஒரு தடவை பாருங்க, எழுந்து நின்னு ஒரு நிமிஷத்துல, மூணு நிமிஷத்துல மறுபடி பாருங்க, பக்கத்துல ஒருத்தர் இருக்கட்டும். நம்ம பெரியவருக்கு படுத்தப்ப 138/82, நின்ன ஒரு நிமிஷத்துல 112/70. மேல் நம்பர் 26 இறங்கியிருக்கு. மேல் நம்பர் 20, இல்ல கீழ் நம்பர் 10, இவ்வளவோ இதுக்கு மேலயோ இறங்கினா அதை டாக்டர்கிட்ட காட்டுங்க. பிரஷர் மாத்திரை, ஆண்மைக் குறைவுக்கு சாப்பிடுற சில்டனாஃபில், தடாலாஃபில், மது, சூடான குளியல், தண்ணி குறைச்சு குடிக்கிறது எல்லாம் இதைக் கூட்டும். ராத்திரி எழும்போது கட்டில் ஓரத்துல ஒரு நிமிஷம் உட்கார்ந்துட்டு, பிடிமானத்தோட நில்லுங்க, லைட்டைப் போட்டுட்டு நடங்க. தலைசுத்தினா அங்கேயே உட்காந்துடுங்க, இல்ல படுத்துடுங்க. மயங்கி விழுந்தாலோ நெஞ்சு வலிச்சாலோ உடனே டாக்டரைப் பாக்கணும்.

கண் ஆஸ்பத்திரில மருந்து பத்திக் கேக்கும்போது இப்ப சாப்பிடுறதை மட்டும் இல்லாம, எப்பவோ சாப்பிட்டு நிறுத்தினதையும் சொல்லுங்க. பெண்களுக்கும் சிறுநீர்க் கல்லுக்காக டாம்சுலோசின் சில நேரம் கொடுப்பாங்க, அவங்களும் சொல்லணும். டுடாஸ்டெரைட்னு இன்னொரு மருந்தோட சேர்ந்து ஒரே கேப்சூல்லயும் இது வரும், பிராண்ட் பேரை மட்டும் பாத்தா தெரியாது, அட்டையைத் திருப்பி கலவையைப் படிங்க, முடிஞ்சா அட்டையையே எடுத்துட்டுப் போங்க. முதல் கண்ணு நல்லபடியா முடிஞ்சு ரெண்டாவது கண்ணுக்கு வேற டாக்டர்கிட்ட போறீங்கன்னா, அவர்கிட்டயும் முதல்லேர்ந்து சொல்லுங்க.