நாய் எதைக் கண்டு தலை குனிகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

வெளியே போய்விட்டு வீடு திரும்புகிறீர்கள். கூடம் முழுவதும் தலையணைப் பஞ்சு பரந்து கிடக்கிறது. வழக்கமாக வாசலுக்கே ஓடிவந்து மேலே தாவுகிற நாய், இன்று மேசைக்கு அடியில் பதுங்கி, காதுகளைப் பின்னுக்கு மடித்து, வாலைக் கால்களுக்கு இடையே செருகிக்கொண்டு, உங்கள் கண்ணைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. ‘செய்த தப்பு அதற்கே தெரிந்திருக்கிறது’ என்று அப்போது சொல்லாதவர்கள் குறைவு. நானும் பல ஆண்டுகள் அப்படிச் சொன்னவன்தான்.

இதைச் சோதித்துப் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. வீட்டில் தவறும் திட்டும் எப்போதும் ஒன்றாகவே வருகின்றன. நாய் தலை குனிவது தான் செய்ததை நினைத்தா, நம் முகத்தைப் பார்த்தா என்று வெளியிலிருந்து பிரித்தறிய வழியில்லை. அமெரிக்காவின் பர்னார்டு கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ், 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், இந்த இரண்டையும் பிரிப்பதற்கு எளிய உபாயம் ஒன்றைக் கையாண்டார். உரிமையாளரிடம் பொய் சொல்வதுதான் அந்த உபாயம்.

மொத்தம் 14 நாய்கள். உரிமையாளர் ஒரு தின்பண்டத்தைக் காட்டி, ‘தொடாதே’ என்று கட்டளையிட்டுவிட்டு அறையை விட்டு வெளியேறுவார். அவர் இல்லாத நேரத்தில், ஆய்வாளர் சில முறை அந்தப் பண்டத்தை நாய்க்கே கொடுத்துவிடுவார். சில முறை அதை அங்கிருந்து எடுத்துவிடுவார். திரும்பி வரும் உரிமையாளரிடம், நாய் தின்றுவிட்டது என்றோ, சொன்னபடி கேட்டது என்றோ தெரிவிப்பார். தின்றுவிட்டது என்று கேட்டவர் நாயைத் திட்ட வேண்டும். கீழ்ப்படிந்தது என்று கேட்டவர் அன்பாகப் பேச வேண்டும். ஆனால் பாதித் தடவைகளில் அவருக்குச் சொல்லப்பட்டது உண்மையல்ல. ஆகவே தின்ற நாய் கொஞ்சப்பட்டதும் உண்டு. பண்டத்தைத் தொடவே தொடாத நாய் வீணாகத் திட்டு வாங்கியதும் உண்டு.

எல்லாவற்றையும் காணொளியாகப் பதிவுசெய்து, பார்வையைத் தவிர்ப்பது, காதையும் தலையையும் தாழ்த்துவது, முன்காலைத் தூக்குவது, மல்லாந்து படுப்பது, விலகிப் போவது போன்ற செய்கைகளை எண்ணிப் பார்த்தார்கள். நாய் தின்றதா இல்லையா என்பது அந்தச் செய்கைகளின் எண்ணிக்கையில் எந்த வேறுபாட்டையும் ஏற்படுத்தவில்லை. திட்டு விழுந்ததா இல்லையா என்பதுதான் ஏற்படுத்தியது. அதிலும் மிகத் தெளிவாகக் ‘குற்றவாளி முகம்’ காட்டியவை, எந்தத் தவறும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களே. இந்த இடத்தைப் படித்தபோது, நான் திட்டிய பழைய சந்தர்ப்பங்கள் சில நினைவுக்கு வந்து சற்றுச் சங்கடமாகத்தான் இருந்தது.

‘நான் வாயைத் திறப்பதற்கு முன்பே என் நாய் பதுங்கிவிடுகிறதே’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1977இல் பீட்டர் வோல்மர் பதிவுசெய்த நிகழ்வு ஒன்று இதற்குப் பொருந்தும். காகிதங்களைக் கிழித்துப் போடும் பழக்கமுள்ள ஹஸ்கி இனப் பெண் நாய் ஒன்று, ஒவ்வொரு முறையும் கிழித்த பிறகு பதுங்கிக்கொள்ளும். ஒரு நாள் உரிமையாளரே காகிதங்களைக் கிழித்துத் தரையில் போட்டுவைத்தார். நாய்க்கு அதில் பங்கே இல்லை. ஆனாலும் அது அதே முகத்தைக் காட்டியது. தரையில் காகிதத் துண்டுகள் கிடக்கும்போது எசமானர் உள்ளே வந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பதை அது கற்றிருந்தது. கிழித்தது யார் என்பது அந்தக் கணக்கிலேயே இல்லை. உங்கள் நாயும் சிதறிய பஞ்சையோ, வாசலில் நின்றுவிடும் உங்கள் நடையையோ, இறுகிய தோள்களையோ கவனித்திருக்கலாம்.

உரிமையாளர்கள் திட்டாமல் வெறுமனே வரவேற்றால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறார்கள். ஜூலி ஹெக்டும் அங்கேரிய ஆய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், மேசையிலிருந்த உணவைத் தின்ற நாய்களுக்கும் தின்னாத நாய்களுக்கும் இடையே, உரிமையாளரை வரவேற்கும் விதத்தில் குற்றவாளி முகம் சார்ந்த வேறுபாடு தென்படவில்லை. லியர்கா ஓஸ்டோயிச்சும் சக ஆய்வாளர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வும், நாயின் செயலோ கண்ணில் படும் தடயமோ உரிமையாளர்கள் அந்த முகத்தைக் கண்டதாகச் சொல்வதை மாற்றவில்லை என்றே காட்டியது.

அப்படியானால் அந்த முகம் என்ன? கோபத்திலிருப்பவரைத் தணிக்கும் பணிவுச் செய்கை என்பதே பெரும்பாலும் தரப்படும் விளக்கம். உடலைச் சிறிதாக்கி, பார்வையை விலக்கி, ‘சண்டை வேண்டாம்’ என்று தெரிவிப்பது. நம்மிடம் அது பலிக்கவும் செய்கிறது: அந்த முகத்தைக் கண்டதும் திட்டைக் குறைத்துக்கொள்வதாகப் பல வளர்ப்பாளர்களே கூறியிருக்கிறார்கள்.

இந்த ஆய்வுகள், நாய்க்குக் குற்ற உணர்வே கிடையாது என்று நிறுவவில்லை. ஹோரோவிட்ஸும் அப்படிச் சொல்லவில்லை. 14 நாய்களும் ஒரு தின்பண்டமும் அதற்குப் போதாது. மேலும் அந்தப் பரிசோதனையில் பண்டத்தை நாய்க்குக் கொடுத்தவரே ஒரு மனிதர் என்பதால், அதை நாய் தவறாக எடுத்துக்கொண்டிருக்குமா என்றும் கேட்கலாம். குற்ற உணர்வு என்பது, தன் செயலை நினைவில் வைத்து, அதை ஒரு விதியோடு ஒப்பிட்டு, தான் மீறியதை அறிவது. அப்படி ஒன்று நாயின் உள்ளத்தில் நடந்தாலும் நடக்கலாம். ஆனால் மேசைக்கு அடியில் தெரியும் அந்த முகம் அதற்குச் சாட்சி ஆகாது.