முத்திரையில் அச்சிட்ட தொகை
(திருகோணமலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவையில் உள்ள பெரியோருக்கும் இளையோருக்கும் வணக்கம்.

2022 ஆகஸ்ட் மாதத்து இரவொன்றில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியதை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மறுநாள் எத்தனை வள்ளங்கள் கரையிலேயே கிடந்தன என்பதை என்னைவிட உங்களில் பலர் நன்றாக அறிவீர்கள். கடனில் மூழ்கிய அரசு மானியத்தை நீக்கினால் அது எப்படி இருக்கும் என்று நாம் நேரில் பார்த்தோம். ஆனால் அது கண்ணுக்குத் தெரிந்த வெட்டு. நான் பேச வந்தது வேறொரு வெட்டைப் பற்றி: விலை ஏற ஏற, மாறாமல் நிற்கும் உதவித் தொகை தானாகத் தேய்ந்துபோவதைப் பற்றி. அதை யாரும் அறிவிப்பதில்லை, அதற்கு வர்த்தமானி தேவையில்லை, பாராளுமன்றத்தில் கை உயர்த்தவும் வேண்டியதில்லை.

கண்ணுக்குத் தெரிந்த வெட்டு ஆள்பவர்களுக்கு ஆபத்தானது. 1953இல், அரசு மலிவு விலையில் கொடுத்துவந்த கூப்பன் அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார்கள். ஓகஸ்ட் மாதத்தில் ஹர்த்தால் வெடித்தது. இரண்டு மாதங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அரிசியின் விலையில் நேரடியாகக் கை வைக்கக்கூடாது என்பதை அதன் பிறகு எந்த அரசும் மறக்கவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

1977இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட அரசு அதனால்தான் வேறு வழியில் சென்றது. 1978 தொடக்கத்தில், மாதம் 300 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ள குடும்பங்களுக்குக் கூப்பன் அரிசி நிறுத்தப்பட்டது. அவ்வளவில், சனத்தொகையில் ஏறக்குறைய பாதிப்பேர் வெளியே போனார்கள். 1979 ஜனவரியில் சர்வதேச நாணய நிதியத்துடன் மூன்றாண்டு நீடித்த கடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில், மீதமிருந்த பாதிப்பேருக்கும் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மாதம் 25 ரூபாய், எட்டிலிருந்து பன்னிரண்டு வரை 20 ரூபாய், அதற்கு மேற்பட்டவருக்கு 15 ரூபாய். மண்ணெண்ணெய்க்குத் தனி முத்திரை.

எங்கள் வீட்டில் அப்போது ஐந்து பேர். அப்பா, அம்மா, அம்மம்மா மூவருக்கும் 45 ரூபாய், பத்து வயது அண்ணனுக்கு 20, ஆறு வயதான எனக்கு 25. மொத்தம் 90 ரூபாய். அம்மா அந்த முத்திரைகளை ஒரு பழைய மா டின்னுக்குள் பூட்டி வைத்திருப்பார், சங்கக் கடைக்குப் போகும் நாளில் மட்டும் திறப்பார்.

இதில் என்ன நடந்தது என்பதைச் சற்று நிதானமாகப் பாருங்கள். கூப்பனில் இருந்தது அரிசி. விலை ஏறினாலும் இறங்கினாலும் இத்தனை கொத்து அரிசி உங்களுக்கு உண்டு, விலை ஏற்றத்தின் சுமை திறைசேரியுடையது. முத்திரையில் இருந்தது ரூபாய். விலை ஏறினால் சுமை அம்மாவுடையது. மாற்றம் இவ்வளவுதான். நாணயத்தின் மதிப்பைக் குறைத்து, விலைக்கட்டுப்பாடுகளைத் தளர்த்திய ஆண்டுகள் அவை. பொருள்களின் விலை வேகமாக ஏறியது, முத்திரையில் அச்சிட்ட தொகை அப்படியே நின்றது. 1982 அளவில் அதன் வாங்கும் சக்தி ஏறக்குறைய பாதியாகிவிட்டது. எங்கள் 90 ரூபாயில் 45 ரூபாய்ச் சாமான்தான் வந்தது. அந்த மற்ற 45 ரூபாயை எடுத்துவிடச் சொல்லி எந்த அமைச்சரும் கையெழுத்திடவில்லை.

மாறாத தொகை முதல் பூட்டு. இரண்டாவது பூட்டு பட்டியலில் விழுந்தது. 1980இல் புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். எங்கள் தங்கை அந்த ஆண்டுக் கடைசியில் பிறந்தாள். அவளுக்கு முத்திரை கிடைக்கவே இல்லை. ஐந்து பேருக்கு வந்ததை, அதுவும் பாதியாய்ப் போனதை, ஆறு பேர் பங்கிட்டோம். நாடு முழுவதும் இதுதான் நிலை. மத்திய வங்கி 1978/79இலும் 1981/82இலும் நடத்திய குடும்பச் செலவு ஆய்வுகளை ஒப்பிட்டவர்கள், மிக வறிய மக்கள் உண்ட கலோரி இந்த இடைவெளியில் குறைந்ததைக் கண்டார்கள். நாட்டின் உற்பத்தி வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் அது குறைந்தது. திறைசேரியின் கணக்கிலோ இது பெரும் வெற்றி: உணவு மானியம் மொத்தச் செலவில் சிறு துண்டாகச் சுருங்கியது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. 2023 மார்ச்சில் நாணய நிதியம் ஏறக்குறைய 300 கோடி டொலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. இந்த முறை ஒப்பந்தத்தில் ஒரு புதிய வாசகம் இருந்தது. ஏழைகளுக்கான பணக் கொடுப்பனவுகளுக்கு அரசு செலவிடும் தொகை ஒரு எல்லைக்குக் கீழே போகக்கூடாது என்றது அது. எண்பதுகளின் ஒப்பந்தங்களில் இது இல்லை. அன்று பட்ட பாட்டிலிருந்து கற்ற பாடம் என்றே இதை எடுத்துக்கொள்கிறேன், இதை வரவேற்கவும் செய்கிறேன்.

ஆனால் ஒப்பந்தத்தில் இலக்குகள் எல்லாம் ஒரே சாதி அல்ல. வட்டியைக் கழித்துப் பார்க்கும்போது அரசின் வரவு அதன் செலவைவிட அதிகமாக இருக்கவேண்டும் என்பது கட்டாய நிபந்தனை. 2025இலிருந்து அந்த மிகை தேசிய உற்பத்தியில் 2.3 சதவீதமாக இருக்கவேண்டும். அதைத் தவறவிட்டால், நிதியத்தின் நிறைவேற்றுச் சபை விலக்கு அளித்தால் ஒழிய அடுத்த தவணைப் பணம் வராது. ஏழைகளுக்கான செலவின் கீழெல்லை அப்படிப்பட்டதல்ல. அது வழிகாட்டும் இலக்கு மட்டுமே. தவறினால் விலக்குக் கேட்கத் தேவையில்லை, அறிக்கையில் ஒரு வரி சேரும், பணம் வந்துவிடும். அப்படியே நடந்தது. 2023 டிசெம்பர் இறுதிக்கான அளவு இலக்குகள் எல்லாம் எட்டப்பட்டன, சமூகச் செலவு மட்டும் சிறிது தவறியது. 2024 டிசெம்பர் இறுதியிலும் தவறியது அதுவே. நெருக்கடியில் எந்தக் கயிறு முதலில் தளர்த்தப்படும் என்று தெரிந்துகொள்ள வேறு சான்று வேண்டுமா?

இன்று ஏழைகளுக்கு அந்தப் பணத்தைக் கொடுக்கும் அஸ்வெசும திட்டத்தை நான் ஒரேயடியாகக் குறை சொல்லமாட்டேன். 2023 ஜூலையில் தொடங்கியபோது மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபாய், வறிய குடும்பத்துக்கு 8,500 ரூபாய் என்று வைத்தார்கள். முன்பிருந்த சமுர்த்தி உதவியில் கிடைத்ததைவிட இது நிச்சயமாக அதிகம், 2025 ஜனவரியில் இவை 17,500, 10,000 என உயர்த்தவும் பட்டன. ஆனால் அன்றைய முத்திரையின் முதல் பூட்டு இதிலும் இருக்கிறது. தொகை ரூபாயில் எழுதப்பட்டிருக்கிறது, விலைவாசியுடன் தானாக ஏறும் ஏற்பாடு இல்லை, ஒவ்வொரு உயர்வும் அரசின் மனத்தைப் பொறுத்தது. இரண்டாவது பூட்டு இங்கே காலத்தில் விழுந்தது: உதவி முடியும் திகதியும் எழுதப்பட்டது. இடைநிலையினர் என்று வகுக்கப்பட்ட நான்கு லட்சம் குடும்பங்களுக்கு மாதம் 2,500 ரூபாய், அதுவும் 2023 டிசெம்பர் வரைதான். பின்னர் நீடித்தார்கள் என்பது உண்மை. நீடிக்காவிட்டால் அதை யாரும் வெட்டு என்று அழைத்திருக்கமாட்டார்கள், முடிவுத் திகதி வந்தது என்றே சொல்லியிருப்பார்கள்.

பிரதேச செயலகத்திலும் கிராம உத்தியோகத்தரிடமும் போய்ப் பெயர் வந்ததா என்று கேட்கும் நம் மக்களிடம் நான் இன்னொரு கேள்வியையும் கேட்கச் சொல்கிறேன். 2023 ஜூலையில் அந்தப் பணத்துக்கு எத்தனை கிலோ நாட்டரிசி கிடைத்தது, இந்த மாதம் எத்தனை கிலோ கிடைக்கிறது? கொப்பியில் மாதாமாதம் எழுதி வையுங்கள். மூதூரில் எழுதுவதும் கிண்ணியாவில் எழுதுவதும் குச்சவெளியில் எழுதுவதும் ஓராண்டில் ஒரு கணக்காகச் சேரும். எங்கள் அம்மாவிடம் அந்தக் கணக்கு இருந்தது. ஆனால் அவர் அதைத் தாளில் எழுதவில்லை.