கொரிய அலுவலகத்தில் சீனியர் "உதவட்டுமா?" என்றால் என்ன பதில் போடுவது?

வணக்கம் மக்களே! சூவோன் குளிரில் இருந்து நான்தான். அடுப்பில் வழக்கம்போல ராம்யோன் கொதிக்கிறது, நடுவில் எழுந்து போனால் கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்றைக்குக் கடை சுற்றும் வீடியோ போடுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். ஏனென்றால் இன்று ஆபீஸில் ஒரு கொரியன் மெசேஜ் அனுப்பினேன், அதற்கு வந்த பதிலைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் இல்லை.

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை மீட்டிங்குக்கு ஒரு ரிப்போர்ட் போக வேண்டும். எண்கள் எல்லாம் தயார். இரண்டாம் பக்கத்தில் மட்டும் ஐந்தாறு வரி கொரியனில் விளக்கம் எழுத வேண்டியிருந்தது. பக்கத்து டீமில் ஒரு க்வாஜங் இருக்கிறார், அதாவது மேனேஜர் நிலை. என் திரையைப் பார்த்துவிட்டு, இருக்கைக்குப் போனதும் மெசேஜ் போட்டார்: "முன்ஜாங் தோவாஜுல்காயோ? பிர்யோஹாம்யொன் மல்ஹேயோ." வாக்கியங்களுக்கு உதவட்டுமா, தேவைப்பட்டால் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு என் கோபம் தெரியும். "எதற்கும் கம்சாஹம்னிதா, அதாவது நன்றி என்று சொன்னால் போதும், கொரியாவில் பிழைத்துக்கொள்ளலாம்" என்று சொல்லிக்கொடுக்கிறார்களே, அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. இப்படி ஒரு மெசேஜுக்கு வெறும் "கம்சாஹம்னிதா" என்று பதில் போட்டால் அவருக்கு என்ன புரியும்? உதவி வேண்டும் என்கிறீர்களா, வேண்டாம் என்று மரியாதையாக ஒதுங்குகிறீர்களா? இரண்டுக்கும் அதே வார்த்தை பொருந்தும். அவர் இன்னொரு முறை கேட்க வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும். பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

இதைவிட மோசம் "க்வென்சனாயோ". பரவாயில்லை என்று பணிவாகச் சொல்வதாக நாம் நினைத்துக்கொண்டு போடுவோம். உதவட்டுமா என்ற கேள்விக்கு அது "வேண்டாம்" என்ற பதில். கதவு சாத்தியாகிவிட்டது.

சரி, நான் என்ன எழுதினேன் என்று சொல்கிறேன். மெதுவாகப் படிக்கிறேன், நோட்டை எடுங்கள்.

"க்வாஜங்-நிம், பப்புஷில் தெந்தே தோவாஜுஷின்தானி ஜொங்மல் கம்சாஹம்னிதா. யொம்ச்சி ஒப்ஜிமான், இ பெய்ஜி முன்ஜாங்மான் ஹான்போன் பா ஜுஷில் சு இஸ்ஸுல்காயோ? மோக்யோயில்-காஜி ப்யொன்ஹாஷில் த்தே பா ஜுஷிம்யொன் கம்சாஹாகெஸ்ஸும்னிதா."

தமிழில் சொன்னால், "மேனேஜர் அவர்களே, வேலைக்கு நடுவிலும் உதவுகிறேன் என்கிறீர்களே, ரொம்ப நன்றி. வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன், இரண்டாம் பக்கத்து வாக்கியங்களை மட்டும் ஒரு முறை பார்த்துத் தர முடியுமா? வியாழக்கிழமைக்குள் உங்களுக்கு வசதியான நேரத்தில் பார்த்தால் நன்றியுடையவனாக இருப்பேன்."

இதில் முதலில் கவனிக்க வேண்டியது "தோவாஜுஷின்தானி". பாடப்புத்தகங்களில் வருவது "தோவாஜுஷ்யோசோ கம்சாஹம்னிதா". நல்ல வாக்கியம்தான், ஆனால் அது "உதவியதற்கு நன்றி". அவர் இன்னும் உதவவே இல்லையே! உதவுகிறேன் என்று வாய்திறந்து சொன்னதற்குத்தான் இப்போது நன்றி சொல்ல வேண்டும். கடைசியில் வரும் "ந்தானி" அந்த வேலையைச் செய்கிறது: உதவுவதாகச் சொல்கிறீர்களே, அதற்கு. "ஷ்யோசோ" வேலை முடிந்த பிறகு வரும் இரண்டாவது மெசேஜுக்கு. அதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஒரு நிமிஷம், ராம்யோன் பொங்குகிறது.

ம், வந்துவிட்டேன். அடுத்தது, நான் உயிரைக் கொடுத்துச் சொல்ல விரும்புவது. கொரியனில் "கொடு" என்பதற்கு "ஜூ" என்ற வினை இருக்கிறது, "தோவாஜு"வின் கடைசியில் ஒட்டியிருப்பதும் அதுதான். எதிரே இருப்பவர் பெரியவர், அவர் நமக்குக் கொடுக்கிறார் என்றால் நடுவில் "ஷி" சேர்ந்து "ஜுஷி" ஆகும். அந்த "ஷி"தான் அவரை உயர்த்துகிறது. நாம் பெரியவருக்கு ஒன்று கொடுக்கிறோம் என்றால் வினையே மாறி "தெரி" ஆகிவிடும். அது நம்மைத் தாழ்த்துகிறது. நமக்கு இது புதிதும் இல்லை. கேட்பவன் தாழ்ந்தவன் என்றால் ஈ, ஒத்தவன் என்றால் தா, உயர்ந்தவன் என்றால் கொடு என்று தொல்காப்பியம் பிரித்துவைத்திருக்கிறதே, அந்த மாதிரி கணக்குத்தான். நாம் அன்றாடப் பேச்சில் அதை விட்டுவிட்டோம், அவர்கள் விடவில்லை.

இதனால் என்ன ஆகும் தெரியுமா? "தெரி" என்றால் பணிவு என்று மட்டும் மனப்பாடம் செய்தவர்கள், பணிவாக எழுதுவதாக நினைத்து "தோவாதெர்யோசோ கம்சாஹம்னிதா" என்று அனுப்பிவிடுவார்கள். வெளிநாட்டு ஊழியர்கள் இருக்கும் குரூப் சாட்களில் இது அடிக்கடி கண்ணில் படும். அதன் பொருள் என்ன? "நான் தங்களுக்கு உதவியதற்கு நன்றி." தலைகீழ்! அதனால் எழுதி முடித்ததும் வினையில் விரலை வைத்துக் கேளுங்கள்: இது யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது? அவர் கையிலிருந்து வந்தால் "ஜுஷி". என் கையிலிருந்து போனால் "தெரி". கோரிக்கை வைப்பது என் செயல், ஆகவே "புதாக்-தெரிகெஸ்ஸும்னிதா". உதவுவது அவர் செயல், ஆகவே "தோவாஜுஷி". ஒரே மெசேஜில் இரண்டும் வரலாம், இடம் மாறக் கூடாது.

அட, முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். அவர் அனுப்பியதை மறுபடி பாருங்கள். "தோவாஜுல்காயோ" என்றார், "தோவாதெரில்காயோ" என்று சொல்லவில்லை. தன்னைத் தாழ்த்தாத "ஜூ". கடைசியில் "யோ" இருப்பதால் மரியாதையும் குறையவில்லை, கனிவான பேச்சு. ஆனால் தான் சீனியர் என்பதை அந்த ஒரு அசையிலேயே வைத்துவிட்டார். அதைப் பார்த்துவிட்டு, "அவரே யோ போட்டுப் பேசுகிறார், நாமும் அப்படியே பேசலாம்" என்று இறங்கக் கூடாது. மேலே இருப்பவர் இளக்கிப் பேசலாம், நாம் முதல் பதிலை இன்னும் முறையான "ம்னிதா"வில் முடிப்பதுதான் அழகு. கேள்வியை மட்டும் "இஸ்ஸுல்காயோ" என்று வைத்தேன். "முடியுமா" என்று மெதுவாகக் கேட்பதற்கு அதுதான் பொருத்தம், "ம்னிதா"வின் கேள்வி வடிவமான "ம்னிக்கா" போட்டால் விசாரணை மாதிரி விறைப்பாகிவிடும்.

"பப்புஷில் தெந்தே" என்பது "உங்களுக்கு வேலை இருக்கும், அப்படியிருந்தும்" என்ற அர்த்தம். இது ஒன்று போதும். அவருடைய நேரத்துக்கு மதிப்பு இருக்கிறது என்று சொல்லியாகிவிட்டது. இதற்கு மேல் "ச்வேசோங்ஹம்னிதா" என்று மன்னிப்பு கேட்கத் தேவையே இல்லை. அவராக வந்து உதவுகிறேன் என்றார். அவரிடம் போய் மன்னிப்பு கேட்டால், ஏன் கேட்டோம் என்று அவருக்கு ஆகிவிடும். "மோம் தூல் பாரூல் மோரூகெஸ்ஸும்னிதா" என்று ஒன்று உண்டு, உடம்பை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, கூனிக் குறுகிப்போகிறேன் என்பது போல. பெரிய மரியாதையோ பாராட்டோ கிடைக்கும்போது சொல்வது அது. ஐந்தாறு வரி திருத்துவதற்கு அதைத் தூக்கிப் போட்டால் சுமை அவர் தலையில் ஏறும். "யொம்ச்சி ஒப்ஜிமான்", வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன் என்பது, அதுவே போதும். கூச்சமும் தெரியும், உதவியை ஏற்றுக்கொண்டோம் என்பதும் தெரியும். எனக்கு இந்த வரிதான் ரொம்பப் பிடிக்கும், வாய்ப்பு கிடைத்தால் விடுவதில்லை.

அப்புறம் "முன்ஜாங்மான்" என்பதில் வரும் "மான்". இரண்டாம் பக்க வாக்கியங்கள் "மட்டும்". பணிவு என்பது வினையின் ஈற்றில் மட்டும் இல்லை, கேட்கும் வேலையின் அளவிலும் இருக்கிறது. "எல்லாவற்றுக்கும் உதவுங்கள்" என்று எவ்வளவு பணிவாகக் கேட்டாலும் அது பெரிய வேண்டுகோள்தான். எந்தப் பக்கம், எவ்வளவு, எந்த நாளுக்குள், இந்த மூன்றையும் சொல்லிவிட்டால் அவர் திறந்து பார்த்து மூடலாம். மீட்டிங் வெள்ளி என்றாலும் வியாழன் என்று கேட்டேன், அவர் திருத்தியதை நான் சேர்க்க ஒரு மாலை வேண்டுமே.

இப்போது என்னை எரிச்சலாக்கிய இடைவெளி விவகாரம்! போன் கீபோர்டு "தோவா"வுக்கும் "ஜுஷின்தானி"க்கும் நடுவில் இடம் விட்டுக்கொண்டே இருந்தது. நான் அழித்தால் அது மறுபடி விடும். தேசிய கொரிய மொழி நிறுவனத்தின் அகராதியில் "தோவாஜுதா" ஒரே சொல்லாகப் பதிவாகியிருக்கிறது, சேர்த்துத்தான் எழுத வேண்டும். ஆனால் பார்த்துத் தருவது என்ற பொருளில் வரும் "பா ஜுதா" அப்படி இல்லை, பிரித்து எழுதுவதுதான் விதி, சேர்த்தாலும் ஏற்பார்கள். ஒரே "ஜூ", ஒரே மெசேஜ், ஒரு இடத்தில் ஒட்டு, ஒரு இடத்தில் வெட்டு! கொரியர்களே இதில் தடுமாறுவார்கள், யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனாலும் கீபோர்டு சொல்வதை நான் கேட்க மாட்டேன். கடைசியில் பரிந்துரை வசதியையே அணைத்துவிட்டு அடித்தேன். அனுப்பியதும் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள்!

பதில் என்ன வந்தது தெரியுமா? "நே, நேயில் ஓஜோனே போல்கெயோ", நாளைக் காலை பார்க்கிறேன், கூடவே ஒரு அலைக்குறி! மற்ற நாளில் முற்றுப்புள்ளி வைத்து முடிக்கிறவர் அவர். அந்த அலைக்குறியை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

அவர் பார்த்துத் தந்த பிறகு அடுத்த மெசேஜ் இப்படிப் போகும்: "தோவாஜுஷ்யோசோ கம்சாஹம்னிதா. க்வாஜங்-நிம் தொக்புனே சல் மாமூரிஹேஸ்ஸும்னிதா." உதவியதற்கு நன்றி, உங்களால் நல்லபடியாக முடிந்தது. பாருங்கள், எடுத்துவைத்த "ஷ்யோசோ" இங்கேதான் வருகிறது. மீட்டிங் முடிந்த பிறகு அனுப்பினால்தான் "முடிந்தது" என்று சொல்ல முடியும், அதனால் வெள்ளி மாலை. கூடவே காக்காவோடாக் மெசேஜ் ஆப்பில் ஒரு காபி கூப்பன். 5,000 வொன் பக்கம் இருக்கட்டும். கேக்கும் சேர்த்து 10,000 தாண்டினால் அவர் திருப்பி ஏதாவது செய்தாக வேண்டும் என்று சங்கடப்படுவார், அதை "புதாம்" என்பார்கள். ஆனால் உங்களுக்கு உதவியது உங்கள் பேராசிரியர் என்றால் கூப்பன் வேண்டாம். 2016 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த லஞ்சத் தடுப்புச் சட்டத்தில் ஆசிரியர்களும் வருகிறார்கள், மதிப்பெண் போடுகிறவருக்கு மாணவர் காபி தருவதே பிரச்சினை. அங்கே மெசேஜ் மட்டும் போதும்.

சரி, உதவி நிஜமாகவே வேண்டாம் என்றால்? அப்போதும் "க்வென்சனாயோ" என்று வெட்ட வேண்டாம். "மல்ஸும்மநூரோதோ ஜொங்மல் கம்சாஹம்னிதா", சொன்னதே பெரிது, ரொம்ப நன்றி. அதற்குப் பின்னால் உண்மையான நிலையை ஒரு வரியில் எழுதுங்கள், "கொய் தா த்வேஸ்ஸும்னிதா", கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்று. முடியாத வேலையை முடிந்ததாக மட்டும் எழுதாதீர்கள், பக்கத்து மேஜையில்தான் உட்கார்ந்திருக்கிறார், திரை தெரியும்.

ராம்யோன் ஆறுகிறது, நான் சாப்பிடப் போகிறேன். உங்களுக்கு வந்த மெசேஜ் ஏதாவது இருந்தால், அவர் "ஜூ" போட்டாரா "தெரி" போட்டாரா என்று பார்த்துச் சேர்த்து அனுப்புங்கள். அது தெரியாமல் பதில் எழுத முடியாது.