கிருபா அவர்களுக்கு ஒரு கடிதம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒருவருடைய பெயர் தெரிகிறது, ஆணா பெண்ணா என்பது தெரியவில்லை. அவருக்கு மதிப்புக் குறையாமல் கடிதம் எழுத வேண்டும். அரச அலுவலகங்களில் பல காலம் கடிதம் வரைந்தவன் என்ற முறையில், இந்த ஒரு காரியத்தைப் பற்றி மட்டும் இன்று பேச விரும்புகிறேன்.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இந்தத் தடுமாற்றம் அடிக்கடி வருகிறது. நம் தமிழ்ப் பெயர்களில் கிருபா, ஜீவா, தயா போன்றவை இரு பாலாருக்கும் வழங்குகின்றன. முஸ்லிம்களிடையே நூர் என்ற பெயரும் அப்படித்தான். சிங்களப் பெயர்களில் நம் காதே நம்மை ஏமாற்றிவிடும். சந்திக என்று கேட்டால் தமிழ்ச் செவிக்குப் பெண் பெயராகத் தோன்றும். ஆனால் கிரிக்கெட் வீரராக இருந்த சந்திக ஹத்துருசிங்க ஓர் ஆண்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். திருக்கோவில் பக்கத்துக் கிராம அபிவிருத்திச் சங்கம் ஒன்று, உடைந்த வடிகானைத் திருத்தித் தருமாறு கேட்டு எழுதப்போகிறது. அலுவலகத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் பொறியியலாளரின் பெயர் ஆர். கிருபா. சங்கத்தில் எவரும் அவரைப் பார்த்ததில்லை.

சங்கச் செயலாளரின் கை முதலில் 'திரு. ஆர். கிருபா' என்று எழுதப் போகும். உயர்ந்த பதவியில் இருப்பவர் ஆணாகத்தான் இருப்பார் என்ற பழைய எண்ணம் அது. பெண்ணாக இருந்தால் என்ன செய்வது என்ற யோசனை வந்ததும் 'திரு/திருமதி' என்று சாய்கோடு போடுவார். அச்சிட்ட படிவத்தில் பொருந்தாததை வெட்டுவதற்காக வைத்த கோடு அது. பெயர் சொல்லி ஒருவருக்கு எழுதும் கடிதத்தில் அது வந்தால், வெட்ட வேண்டியதை வெட்டாமலே அனுப்பிவிட்டார்கள் என்று பெறுபவருக்குத் தோன்றும். அதோடு திருமதியா செல்வியா என்ற ஊகம் பாலோடு நிற்பதில்லை, திருமணமானவரா என்பதையும் சேர்த்து ஊகிக்கிறது. வடிகான் திருத்துவதற்கு அந்த விவரம் எதற்கு?

முன்னொட்டை விட்டுவிட்டுப் பின்னால் 'அவர்கள்' சேர்ப்பதே நேரான வழி. 'ஆர். கிருபா அவர்கள், பொறியியலாளர்' என்று முகவரியில் எழுதினால் மதிப்பில் ஒரு குறையும் இல்லை. பதவிப் பெயர் பெரிய துணை. செயலாளர், பணிப்பாளர், முகாமையாளர், அதிபர், கிராம உத்தியோகத்தர், சட்டத்தரணி ஆகிய எல்லாம் இரு பாலுக்கும் பொது. ஆசிரியை, தலைவி போன்ற சொற்களில்தான் கவனம் வேண்டும். தெரியாதபோது ஆசிரியர், தலைவர் என்றே எழுதலாம்.

அடுத்தது விளி. 'ஐயா' என்று எழுதினால் ஊகம். 'ஐயா/அம்மணி' என்று எழுதினால் மீண்டும் அதே சாய்கோடு. தமிழில் இதற்கென்றே அமைந்ததுபோல 'அன்புடையீர்' இருக்கிறது. ஈர் என்ற அந்த விகுதிக்குப் பால் இல்லை, மரியாதை உண்டு. அலுவலகக் கடிதத்தில் அன்பு என்ற சொல் நெருக்கமாகத் தோன்றினால் 'மதிப்பிற்குரியீர்' என்று தொடங்கலாம். உள்ளே தாங்கள், தங்கள் என்று எழுதிச் சென்றால் கடிதம் முடியும்வரை எங்கும் இடறாது.

அந்தப் பொறியியலாளரைப் பற்றிச் சங்கத்தின் கூட்டறிக்கையில் எழுதும்போதும் எழுத்துத் தமிழ் கைகொடுக்கும். 'அவர் வந்து பார்வையிட்டார்' என்பது யாருக்கும் பொருந்தும். ஆனால் அதையே கூட்டத்தில் வாயால் சொல்லும்போது சிக்கல். நம் பேச்சில் 'அவர் வந்தார்' என்றால் கேட்பவர் ஆணையே நினைப்பார். பெண்ணை மரியாதையாகச் சொல்ல 'அவ வந்தா' என்பது நம் வழக்கம். எழுத்தில் பொதுவாக இருக்கும் சொல் பேச்சில் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. இதைக் கவனியாமல், கடிதத்தில் காப்பாற்றிய மரியாதையைத் தொலைபேசியில் 'சேர் இருக்கிறாரா?' என்று கேட்டு இழந்துவிடுகிறோம். 'பொறியியலாளருடன் பேசலாமா?' என்று கேளுங்கள். எதிர்முனையில் அவரே பேசினால் 'வணக்கம், நீங்கள்' என்பது போதும். குரலை வைத்து முடிவு செய்ய வேண்டாம். மெல்லிய குரலுள்ள ஆண்களும் கனத்த குரலுள்ள பெண்களும் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள்.

இப்போது அதே கடிதத்தின் ஆங்கிலப் பிரதி. பெயரே தெரியாதபோது 'டியர் சேர் ஓர் மேடம்' என்பது பழகிய வழி. கடைசியில் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி' வரும். நமக்கோ பெயர் தெரியும். ஆகவே மிஸ்டரும் வேண்டாம், மிஸிஸும் வேண்டாம்; 'டியர் ஆர். கிருபா' என்று முழுப் பெயரையும் எழுதி, 'யுவர்ஸ் சின்சியர்லி' என்று முடிப்பதே சரி. டாக்டர், புரொஃபசர் போன்ற பட்டம் இருப்பது உறுதியானால் அதை முன்னால் இடலாம், அதற்குப் பால் இல்லை. எம், எக்ஸ் என்ற இரண்டு எழுத்துகளால் ஆன 'மிக்ஸ்' என்ற முன்னொட்டு 2015 இல் ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியில் சேர்ந்தது. தம்மை அப்படிக் குறிப்பிடுபவருக்கு அதை மறவாமல் எழுதுங்கள். யாரென்று தெரியாதவருக்கு நாமாகச் சூட்டுவது பொருந்தாது.

படர்க்கையில் 'ஹீ ஓர் ஷீ' என்று இழுப்பதைவிட, ஒருவருக்கே 'தே' என்று எழுதலாம். வினை மட்டும் பன்மையில் வரும். பிழை என்று சிலர் தடுப்பார்கள். ஆங்கிலத்தில் 14 ஆம் நூற்றாண்டிலிருந்தே இந்த வழக்கு உண்டு. தமிழர் நாம் இதைக் கண்டு திகைக்கக் காரணமே இல்லை. ஒருவர் என்ற சொல் இரு பாலுக்கும் உரியது என்று தொல்காப்பியம் பெயரியலில் சொல்கிறது. ஒருவரைப் பன்மையால் குறிப்பது இலக்கண நெறி அன்று, வழக்கில் வந்த உயர்சொல் என்று கிளவியாக்கத்தில் சொல்கிறது. அந்த உயர்சொல்தான் இன்று நம் கையில் உள்ள 'அவர்'. பன்மையை மரியாதைக்காக ஒருவருக்குத் தருவதை நாம் என்றோ செய்து முடித்துவிட்டோம்.

தேசிய அடையாள அட்டை இலக்கத்தைப் பார்த்து அறிந்துகொள்ளலாமே என்று அலுவலகங்களில் சொல்வார்கள். பிறந்த ஆண்டுக்கு அடுத்த மூன்று இலக்கங்கள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். உண்மைதான். ஆனால் அது பதிவேட்டில் உள்ள பால். திருநங்கை ஒருவரின் பழைய அட்டை அவரை ஆண் என்றே காட்டக்கூடும், அதை நம்பி 'திரு' என்று எழுதினால் அவரை நோகச் செய்துவிடுவோம். வேறொரு தேவைக்காகத் தந்த இலக்கத்தை இப்படித் துருவுவதும் முறையன்று. படிவம் தயாரிப்பது உங்கள் பொறுப்பென்றால், 'உங்களை எவ்வாறு விளிக்க வேண்டும்?' என்று ஒரு வரி சேர்த்து, விருப்பமானால் நிரப்பும்படி விட்டுவிடுங்கள்.

கிருபா அவர்களிடமிருந்து பதில் வரும்போது கையொப்பத்தின் கீழே பாருங்கள். நம் நாட்டில் பெண் அதிகாரிகள் பலர் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் திருமதி அல்லது செல்வி என்று இடுவதுண்டு. இட்டிருந்தால் அடுத்த கடிதத்தில் அப்படியே எழுதுங்கள். ஒன்றும் இடவில்லை என்றால் ஆண் என்று முடிவு கட்டாமல், இரண்டாம் கடிதத்தையும் 'ஆர். கிருபா அவர்கள்' என்றே அனுப்புங்கள்.

நன்றி, வணக்கம்.